மரு, மொலஸ்கம், கால் ஆணி: படத்தைப் பார்த்து எப்படிப் பிரிக்கிறார்கள்?

உள்ளங்காலில் வட்டமாக, கெட்டியாக, மிதித்தால் வலிக்கிற மாதிரி ஏதாவது வந்தால் நம் ஊரில் அதற்கு ஒரே பெயர்தான்: கால் ஆணி. மருத்துவத்தில் அந்தப் பெயருக்குள் குறைந்தது இரண்டு வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. ஒன்று அழுத்தத்தால் வருவது, தொற்றாது. இன்னொன்று வைரஸால் வரும் பாத மரு, அது தொற்றும்.

மேலுடம்பிலும் இதே கதைதான். கழுத்தில் காம்பு வைத்துத் தொங்கும் மென்மையான சதைத் துணுக்கு, விரலில் சொரசொரப்பாக முளைத்தது, குழந்தையின் வயிற்றில் முத்து மாதிரி மினுங்கும் பரு என மூன்றையும் மரு என்றோ பாலுண்ணி என்றோ சொல்லிவிடுகிறோம். கழுத்தில் தொங்கும் துணுக்கு பெரும்பாலும் தொற்று நோயே அல்ல. மற்ற இரண்டும் வைரஸால் வருபவை, ஆனால் வைரஸ்கள் வேறு வேறு.

செல்பேசியில் படம் எடுத்து உறவினருக்கோ மருத்துவருக்கோ அனுப்பி ‘இது என்ன?’ என்று கேட்பது இன்று சாதாரணம். படம் நிஜமாகவே நிறையச் சொல்லும். எதைப் பார்க்க வேண்டும் என்பது தோலுக்கு உள்ளே நடப்பதிலிருந்துதான் வருகிறது. அதனால் முதலில் அது.

## தோலுக்குள் என்ன நடக்கிறது?

1. மரு. எச்.பி.வி. எனப்படும் வைரஸ் சின்னக் கீறல் வழியாக மேல்தோலின் அடி அடுக்குக்குப் போய், அங்குள்ள செல்களை வேகமாகப் பெருக வைக்கிறது. தோல் தடித்து வளர்கிறது. அந்த வளர்ச்சிக்கு ரத்தம் கொடுக்க, கீழே இருக்கும் நுண் ரத்தக் குழாய்கள் மேல்நோக்கி நீள்கின்றன. இரண்டு விளைவுகளை நினைவில் வைத்தால் போதும்: தோலின் இயல்பான அமைப்பு அந்த இடத்தில் கலைகிறது, மேற்பரப்புக்கு மிக அருகில் ரத்தக் குழாய்கள் வந்து நிற்கின்றன.

2. கால் ஆணி. இங்கே கிருமி எதுவும் இல்லை. எலும்பு உள்ளிருந்தும் செருப்போ தரையோ வெளியிலிருந்தும் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அழுத்தும்போது, தோல் தன்னைக் காத்துக்கொள்ளக் கெட்டியாகிறது. அகலமாகப் பரவினால் அது காய்ப்பு. ஒரு புள்ளியில் குவிந்து கூம்பு வடிவில் உள்நோக்கி இறங்கினால் அது ஆணி. கூம்பின் நுனி கீழே அழுத்துவதால்தான் கூழாங்கல்லை மிதித்த மாதிரி வலி. தோல் தடித்திருக்கிறதே தவிர அதன் அமைப்பு கலையவில்லை. புது ரத்தக் குழாய்களும் இல்லை.

3. மொலஸ்கம். குழந்தையின் வயிற்றில் முத்து மாதிரி மினுங்கும் பரு இதுதான். பெரியம்மை வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரஸ் மேல்தோல் செல்களுக்குள் பெருகி அவற்றை வீங்க வைக்கிறது. வைரஸ் நிரம்பிய செல்கள் நடுவில் சேர்ந்து, வெண்மையான, மெழுகு போன்ற ஒரு கருவாக மாறுகின்றன. அந்தக் கரு மேற்பரப்பைத் தொடும் இடத்தில் தொப்புள் போலச் சின்னக் குழி விழுகிறது.

ஊரில் ‘ஆணிக்கு வேர் இருக்கு, வேரோடு எடுக்கணும்’ என்பார்கள். மருவுக்கும் சரி, ஆணிக்கும் சரி, வேர் கிடையாது. எச்.பி.வி. மேல்தோலைத் தாண்டி ஆழமாகப் போவதில்லை. கூம்பும் மேல்தோலின் கெட்டிப்புதான். வீட்டில் பிளேடால் ‘வேரைத்’ தேடிக் குடைவது ரத்தக் காயத்தில்தான் முடியும், மருவாக இருந்தால் வைரஸைப் பக்கத்துத் தோலுக்கும் பரப்பும்.

## பாதத்தில் முதலில் பார்ப்பது கோடுகளை

கைரேகை போலப் பாதத்திலும் நெருக்கமான நுண்கோடுகள் உண்டு. பாத மருவுக்கும் ஆணிக்கும் இடையே தோல் மருத்துவர்கள் முதலில் தேடுவது இவற்றைத்தான்.

காய்ப்பில் கோடுகள் அதன் மேலேயே தொடர்ந்து ஓடும். ஆணியில் நடுக்கூம்பு இருக்கும் இடத்தில் கொஞ்சம் மங்கலாம், ஆனால் சுற்றிலும் தொடரும். மருவில் கோடுகள் விளிம்புக்கு வந்ததும் நின்றுவிடும், அல்லது ஆற்று நீர் பாறையைச் சுற்றிப் போவது போல விலகிப் போகும். மேலே சொன்ன ‘அமைப்பு கலைகிறது’ என்பதன் வெளி அடையாளம் இது.

இரண்டாவது, கறுப்புப் புள்ளிகள். மருவுக்குள் மேலேறி வந்த நுண் குழாய்களில் ரத்தம் உறைந்தால், மிளகுத்தூள் தூவிய மாதிரிக் கறுப்பாகவோ பழுப்பாகவோ புள்ளிகள் தெரியும். பலர் ‘வேர்’ என்று சொல்வது இவற்றைத்தான். ஆனால் புள்ளி இல்லை என்பதை வைத்து மரு இல்லை என்று சொல்லிவிட முடியாது. மேலே தடித்த தோல் மூடியிருந்தால் புள்ளிகள் உள்ளே மறைந்திருக்கும்.

மூன்றாவது, இடம். ஆணி எலும்பு துருத்தும் இடத்தில்தான் வரும்: விரல்களின் அடியில் உள்ள பந்து போன்ற பகுதி, சுண்டுவிரலின் வெளிப்பக்கம், விரல் மூட்டின் மேல்புறம். பாதத்தின் வளைவில், தரையே படாத இடத்தில் ஒரு கெட்டியான வட்டம் இருந்தால் அது ஆணியாக இருக்க வாய்ப்பு குறைவு. மரு எங்கே வேண்டுமானாலும் வரும், அழுத்தம் விழும் இடத்திலும் வரும். சிக்கலே அங்கேதான்.

கடைசியாக, படத்தில் வராத ஒரு சோதனை. விரலால் நேராக அழுத்தினால் ஆணி அதிகம் வலிக்கும். இரண்டு பக்கத்திலிருந்தும் கிள்ளுவது போல அமுக்கினால் மரு அதிகம் வலிக்கும். இதை ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக அல்ல. முழு எடையும் விழும் இடத்தில் இருக்கும் மரு இரண்டு விதத்திலும் வலிக்கும்.

கால் விரல்களுக்கு இடையில், முக்கியமாக 4-ஆம் 5-ஆம் விரல்களுக்கு நடுவில் வரும் ஆணி தனி ரகம். ஈரத்தில் ஊறி வெள்ளையாக, மென்மையாக இருக்கும். படத்தில் பார்த்தால் சேற்றுப்புண் என்றே தோன்றும். பூஞ்சை மருந்து மாதக்கணக்கில் போட்டும் ஒரே இடத்தில் ஒரே புள்ளியில் வலி நிற்கிறது என்றால், எதிர் எதிரே இருக்கும் இரண்டு விரல் எலும்புகள் ஒன்றை ஒன்று இடிக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

## ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம்

நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும், நாற்பது வயதுக்காரர் ஒருவர் படம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வலது பாதத்தின் முன்பகுதியில், இரண்டாம் விரலுக்கு நேர் கீழே 8 மி.மீ. அகலத்தில் மஞ்சளாகத் தடித்த ஒரு வட்டம். ‘இரண்டு மாதமாகக் கார்ன் கேப் ஒட்டுகிறேன், கொஞ்சம் குறைகிறது, மறுபடி வருகிறது’ என்கிறார்.

1. இடத்தை மட்டும் பார்த்தால் ஆணி என்றே சொல்லத் தோன்றும். எலும்பு அழுத்தும் இடம், நின்று செய்யும் வேலை.

2. படத்தைப் பெரிதாக்கினால் நடுப்பகுதி வெள்ளையாக ஊறியிருக்கிறது. கார்ன் கேப்பில் இருப்பது பொதுவாக 40 சதவீத சாலிசிலிக் அமிலம். அது தோலை ஊறவைத்து உரிக்கும். அந்த வெள்ளையில் கோடும் தெரியாது, புள்ளியும் தெரியாது. எனவே இந்தப் படத்தை வைத்து எதுவும் சொல்லக்கூடாது. ஒரு வாரம் ஒட்டாமல் விட்டு, மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டும்.

3. இரண்டாவது படத்தில் வட்டத்தின் விளிம்பில் கோடுகள் வளைந்து விலகுகின்றன. பக்கத்தில் 2 மி.மீ. அளவில் இன்னும் இரண்டு சின்ன வட்டங்கள், அவை அழுத்தம் விழாத பக்கம். ஆணி இப்படிக் குட்டி போடாது. இப்போது மரு பக்கம் தராசு சாய்கிறது.

4. மருத்துவர் மேலே தடித்த தோலை மெல்லிய கத்தியால் சீவுகிறார். ஊசிமுனைப் புள்ளிகளாக ரத்தம் கசிகிறது. மேலேறிய குழாய்களின் நுனிகள் அறுபடுவதால் வருவது அது. மரு என்பது உறுதியாகிறது. ஆணியாக இருந்திருந்தால் ரத்தம் வராமல், நடுவில் கண்ணாடி போலக் கொஞ்சம் ஒளி ஊடுருவும் கூம்பு தெரிந்திருக்கும். வெறும் காய்ப்பு என்றால் கீழேயும் கோடுகள் ஒழுங்காக ஓடும்.

இதில் கவனிக்க வேண்டிய வேடிக்கை ஒன்று உண்டு. மருவுக்கும் சாலிசிலிக் அமிலம்தான் முதல் மருந்து. அதனால் தவறான பெயரில் வாங்கிய கார்ன் கேப்பும் ஓரளவு வேலை செய்கிறது. ‘குறைகிறதே, அப்போ ஆணிதான்’ என்ற முடிவு அதனாலேயே உறுதிப்படுகிறது. மருந்து கேட்டதை வைத்து நோயைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

மறுபக்கம் தவறினால் விளைவு வேறு. ஆணியை மரு என்று நினைத்துத் திரவ நைட்ரஜனால் உறைய வைத்தால், உறைந்த தோல் உதிர்ந்து சில வாரங்களில் அதே இடத்தில் அதே ஆணி திரும்ப வரும். செருப்பும் எலும்பும் மாறவில்லையே! பாதத்தில் தழும்பு விழுந்தால் அந்தத் தழும்பே புது வலிக்குக் காரணமாகலாம். ஆணிக்கு உண்மையான வைத்தியம் அழுத்தத்தைக் குறைப்பது: முன்பக்கம் அகலமான செருப்பு, மெத்தை வைத்த உள்ளடி, தேவைப்பட்டால் விரல் கோணலைச் சரிசெய்வது.

## முத்துப் போன்ற பருக்கள்: மொலஸ்கம்

மொலஸ்கம் பெரும்பாலும் குழந்தைகளுக்கு வருகிறது. வயிறு, மார்பு, அக்குள், முழங்கை மடிப்பு, முகம் ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். உள்ளங்கை, உள்ளங்காலில் மிக அரிது. அதனால் பாதத்தில் இருப்பதை மொலஸ்கம் என்று சொல்லும் முன் இரண்டு முறை யோசிப்பார்கள்.

ஒவ்வொன்றும் பொதுவாக 2 முதல் 5 மி.மீ. அளவு, வழவழப்பான குமிழ் வடிவம், மெழுகு பூசியது போன்ற மினுக்கம், நடுவில் தொப்புள் குழி. விரலில் வரும் சாதாரண மரு இதற்கு நேர்மாறு: சொரசொரப்பு, காலிஃபிளவர் போன்ற மேற்பரப்பு. நெற்றியிலும் புறங்கையிலும் வரும் தட்டை மரு மட்டும் வழவழப்பாக இருப்பதால் குழப்பும். ஆனால் அதன் தலை தட்டையாக இருக்கும், குழி இருக்காது.

குழிதான் முக்கிய அடையாளம் என்றாலும் எல்லாப் பருவிலும் அது தெரியாது. புதிதாக முளைத்த 1 மி.மீ. பருவில் இருக்காது. அதனால் ஒரு பருவை மட்டும் பெரிதாக்கி எடுத்த படத்தைவிட, பத்துப் பருக்கள் சேர்ந்த படம் உதவும். அதில் இரண்டிலாவது குழி தெரிந்தால் போதும். டெர்மோஸ்கோப் என்ற ஒளியுள்ள பூதக்கண்ணாடியில் பார்த்தால் நடுவில் வெண்மஞ்சள் நிறத் திரட்சியும், அதைச் சுற்றிக் கிரீடம் போல நிற்கும் நுண் ரத்தக் குழாய்களும் தெரியும். அந்தக் குழாய்கள் நடுவைத் தாண்டுவதில்லை. மருவிலோ குழாய்கள் உள்ளே புள்ளி புள்ளியாக நிற்கும்.

சொறியும்போது நகத்தோடு வைரஸ் போவதால் பருக்கள் ஒரே கோட்டில் வரிசையாக முளைப்பதுண்டு. மருவிலும், சவரம் செய்யும் முகத்தில் குறிப்பாக, இதே வரிசை வரும். எனவே வரிசை என்பது ‘இது தொற்றும் வகை’ என்று காட்டுமே தவிர, எது என்று பிரித்துக் காட்டாது.

மாதக்கணக்கில் சும்மா இருந்த பருக்கள் ஒரு நாள் திடீரென்று சிவந்து வீங்கும். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் சீழ் பிடித்துவிட்டது என்று ஆன்டிபயாட்டிக் வாங்குவார்கள். காய்ச்சல் இல்லை, சிவப்பு பருவைத் தாண்டிப் பரவவில்லை என்றால், பல நேரங்களில் அது உடம்பின் எதிர்ப்பு சக்தி வைரஸைக் கண்டுகொண்டதன் அடையாளம். அடுத்த வாரங்களில் பருக்கள் உதிரத் தொடங்கலாம்.

## அம்மையா, எம்பாக்ஸா?

உலக சுகாதார அமைப்பு 2022 ஜூலையிலும், மறுபடி 2024 ஆகஸ்டிலும், முன்பு குரங்கம்மை எனப்பட்ட எம்பாக்ஸுக்காக உலகளாவிய அவசரநிலை அறிவித்தபோது, குழி விழுந்த கொப்புளங்களின் படங்கள் எங்கும் சுற்றின. மொலஸ்கம் வந்த குழந்தைகளின் பெற்றோர் பயந்ததில் தவறில்லை. மொலஸ்கம், எம்பாக்ஸ் இரண்டின் வைரஸும் ஒரே குடும்பம், இரண்டிலும் நடுக்குழி உண்டு. ஒற்றைப் படத்தில் நிஜமாகவே குழப்பும்.

பிரித்துக் காட்டுவது காலம்தான். சின்னம்மையில் காய்ச்சலோடு நீர் கோத்த கொப்புளங்கள் வந்து, உடைந்து, சில நாட்களில் பொருக்கு கட்டும். ஒரே நேரத்தில் பல நிலைகளில் இருக்கும். எம்பாக்ஸில் கொப்புளம் ஆழமாக, கெட்டியாக, வலியோடு இருக்கும். பொதுவாகக் காய்ச்சலும் நெறிகட்டுதலும் சேரும், 2 முதல் 4 வாரங்களில் பொருக்கு விழுந்து ஆறும். மொலஸ்கம் காய்ச்சல் தராது, உள்ளே நீர் இருக்காது, இன்று எடுத்த படமும் பத்து நாள் கழித்து எடுத்த படமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும், நீடிக்கும்.

பெரியவர்களுக்கு முகத்தில் ஏராளமாகவோ மிகப் பெரிதாகவோ மொலஸ்கம் வந்தால் எச்.ஐ.வி. போன்ற எதிர்ப்பு சக்திக் குறைவைச் சோதிப்பார்கள். அப்படிக் குறைந்தவர்களில் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையும் அச்சாக இதே குழிப் பருக்களைத் தரும். அது மூளையுறையைத் தாக்கக்கூடிய தொற்று. தலைவலியும் காய்ச்சலும் சேர்ந்தால் அங்கே படத்துக்கு வேலையே இல்லை, நேராக மருத்துவமனைதான். பிறப்புறுப்புப் பகுதியில் மட்டும் பெரியவர்களுக்கு வந்தால் பாலுறவுத் தொற்றாகக் கருதி மற்ற தொற்றுகளையும் பார்ப்பார்கள்.

## படம் தோற்கும் இடங்கள்

நிறம். பழைய பாடப்புத்தகப் படங்கள் பெரும்பாலும் வெளிர் தோலில் எடுத்தவை. ‘இளஞ்சிவப்பு’ என்று அதில் எழுதியிருப்பது மாநிறத் தோலில் பழுப்பாகவோ ஊதாவாகவோ இருக்கும், கருந்தோலில் சுற்றியுள்ள நிறமாகவே இருக்கும். நம் தோலில் நிறத்தைவிட மேற்பரப்பையும் வடிவத்தையும் நம்புவது மேல்.

வலி தெரியாத பாதம். நீண்டநாள் சர்க்கரை நோயிலும் தொழுநோயிலும் பாதத்தின் உணர்ச்சி குறையும். கிள்ளும் சோதனை அங்கே பொய் சொல்லும். அதைவிட மோசம், தடித்த காய்ப்புக்கு அடியில் புண் மறைந்திருக்கலாம். மேலே இருந்து பார்த்தால் சாதாரண ஆணி, சீவினால் கீழே குழி. காய்ப்புக்குள் கருஞ்சிவப்பாகக் கறை தெரிந்தால் அது உள்ளே ரத்தம் கசிந்ததன் அடையாளமாக இருக்கலாம். இவர்கள் கார்ன் கேப் ஒட்டக்கூடாது. அமிலம் நல்ல தோலையும் அரிக்கும், அது அவர்களுக்குத் தெரியாது.

மரு வேடம் போடும் புற்று. கருமை நிறமே இல்லாத மெலனோமா, பாதத்தில் மரு மாதிரி இருந்து ஏமாற்றியதுண்டு. உள்ளங்காலில் வரும் மெலனோமாவுக்கும் வெயிலுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை, கருந்தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா வருவது அரிது என்றாலும், வந்தால் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. மெதுவாக வளரும், நாற்றத்தோடு கசியும் இன்னொரு வகைச் செதில்செல் புற்றும் வருடக்கணக்கில் பாத மரு என்றே நடத்தப்படுவதுண்டு.

## படம் எடுக்கும்போது

1. முந்தைய ஒரு வாரம் பசை, அமிலம், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். பாதத்தைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள்.

2. ஃபிளாஷ் வேண்டாம். நேராக அடிக்கும் ஒளியில் மொலஸ்கத்தின் குழி காணாமல் போகும், மெழுகு மினுக்கம் வெள்ளைத் திட்டாக மாறும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வெளிச்சம் பக்கவாட்டில் சரிந்து விழும்படி எடுத்தால் குழியும் கோடுகளும் நிழலோடு தெரியும்.

3. தோலை வழவழப்பாக்கும் அழகுபடுத்தும் வசதியை அணைத்துவிடுங்கள். அது முதலில் அழிப்பது நுண்கோடுகளைத்தான்.

4. மூன்று படங்கள்: முழுப் பாதமோ முழு வயிறோ தெரியும்படி ஒரு கை தூரத்தில் ஒன்று, பிறகு பக்கத்தில் மி.மீ. கோடுள்ள ஸ்கேல் வைத்து ஒன்று, பக்கவாட்டிலிருந்து ஒன்று. மிக நெருங்கினால் கேமரா குவியாது. கொஞ்சம் விலகி எடுத்துப் பெரிதாக்குவது நல்லது.

5. தேதியைக் குறித்து, இரண்டு வாரம் கழித்து அதே வெளிச்சத்தில் மறுபடி எடுங்கள். கூடவே எப்போது தொடங்கியது, எதைப் போட்டீர்கள், கிள்ளினால் வலிக்கிறதா என்று மூன்று வரி.

6. குழந்தைகளின் அந்தரங்கப் பகுதியைப் படம் எடுத்துக் குழுக்களில் அனுப்ப வேண்டாம். அதை நேரில் காட்டுவதே சரி.

மருவென்று முடிவானால் தினமும் சாலிசிலிக் அமிலம் போடுவது 12 வாரம் வரை நீளும். குழந்தைகளுக்குப் பல மருக்கள் இரண்டு வருடத்துக்குள் தானாகவே போய்விடும். ஆனால் பெரியவர் ஒருவரின் பாதத்தில் ஒரே ஒரு ‘மரு’, 12 வாரம் ஒழுங்காக மருந்து போட்டும் வளர்ந்துகொண்டே போகிறது, புண்ணாகிறது, லேசாகத் தட்டினாலே ரத்தம் வருகிறது என்றால், அடுத்த படம் எடுக்காமல் தோல் மருத்துவரிடம் போய் ஒரு துண்டை பயாப்சிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும்.